ரவுட்டர் தலைமேல் ஒரு ஹார்ட் டிஸ்க்

டிவியில் படம் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, ரவுட்டரின் பின்னால் இருந்த நீலநிற யூ.எஸ்.பி. 3 போர்ட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அதன் தலைமேலேயே வைத்தேன். அன்று மாலையே பின்கட்டு அறையில் போன் திணற ஆரம்பித்தது. வைஃபை கோடுகள் முழுசாக இருந்தன. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போகவில்லை. இணைப்பு கொடுத்தவர்களைத் திட்டினேன். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை.

யூ.எஸ்.பி. 3 கேபிளில் வினாடிக்கு 500 கோடி பிட் ஓடுகிறது. ஒன்றும் பூஜ்யமுமாக மாறி மாறி வந்தால், இரண்டு பிட் சேர்ந்து ஓர் அலை. அதாவது வினாடிக்கு 250 கோடி அலை, 2.5 கிகாஹெர்ட்ஸ். வைஃபையின் 2.4 பேண்ட் இதற்கு அடுத்த வீடு. அதோடு, பிட்களைக் கலைத்து அனுப்புவதால் இரைச்சல் ஓரிடத்தில் நிற்காமல் அந்த பேண்ட் முழுக்கப் பரவுகிறது. சேனலை மாற்றிப் பயனில்லாமல் போவது இதனால்தான். 2012இல் இன்டெல் வெளியிட்ட ஆய்வறிக்கை, இரைச்சல் 20 டெசிபெல் வரை உயரலாம் என்று காட்டியது. அது நூறு மடங்கு.

கோடுகள் ஏன் குறையவில்லை? போன் காட்டுவது ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதை. இங்கே காது அடைத்திருப்பது ரவுட்டருக்கு. தூரத்துப் போனின் மெல்லிய குரல், பக்கத்தில் இருக்கும் டிஸ்க்கின் இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. அதனால் முதலில் அடிபடுவது அப்லோடு. டவுன்லோடும் தப்பாது, 'வந்து சேர்ந்தது' என்று போன் அனுப்பும் பதில் காதில் விழாவிட்டால், ரவுட்டர் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும்.

கண்டுபிடிப்பது எளிது. லேப்டாப்பை 2.4இல் இணைத்து, தூர அறையில் இதை ஓட்டுங்கள் (முகவரி உங்கள் ரவுட்டருடையதாக இருக்கட்டும்):

```
ping -t 192.168.1.1
```

எனக்கு நேரம் தாறுமாறாக ஏறி இறங்கியது. இடையிடையே `Request timed out` வந்தது. டிஸ்க்கை முறைப்படி நிறுத்திக் கழற்றியதும் எண்கள் அடங்கின. மறுபடி செருகினேன், மறுபடி அதே கூத்து. கழற்றியும் மாறவில்லை என்றால் காரணம் வேறு.

டிஸ்க்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்தேன், பாதி சரியானது. கேபிளும் இரைச்சலைக் கசியவிடும். உலோக உறை சரியில்லாத மலிவுக் கேபிள் என்றால் அதிகம். என்னுடையது அந்த ரகம். நல்ல கேபிள் போட்டதும் மீதியும் தீர்ந்தது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினாலும் தப்பிக்கலாம். ஆனால் சுவர் தாண்டி அது அவ்வளவு தூரம் போகாது. பழைய ஸ்மார்ட் பிளக் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும்.

சில ரவுட்டர்களின் செட்டிங்கில் அந்த போர்ட்டை யூ.எஸ்.பி. 2 வேகத்துக்கு இறக்கும் வசதி இருக்கிறது. படம் பார்க்க மட்டும்தான் டிஸ்க் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். வினாடிக்கு 30 மெகாபைட் கிடைத்தாலே எந்தப் படமும் தடங்கலின்றி ஓடும்.