கைப்பேசி காட்டும் கிழக்கு

புது வீட்டில் பூஜை மாடத்துக்குக் கிழக்குத் திசையைக் கைப்பேசியின் திசைகாட்டியில் பார்க்கும் அன்பர்கள், முதலில் அக்கருவியைச் சோதித்தல் நலம்.

மர முக்காலியின் மீது கைப்பேசியைக் கிடையாக வைத்து, அதன் ஓரத்தை முக்காலியின் விளிம்போடு பொருத்துங்கள். கிழக்கு நோக்கியிருந்தால் 90 பாகை காட்டும். அதே விளிம்பில் அதன் தலைப்பக்கம் எதிர்ப்புறம் இருக்குமாறு திருப்பி வைத்தால் 270 காட்ட வேண்டும். 250 காட்டினால் கோளாறு கைப்பேசியில்தான். காந்தம் பதித்த உறையைக் கழற்றிவிட்டு, எட்டு வடிவில் சிலமுறை காற்றில் சுழற்றுங்கள். கருவி தன்னைச் சரிசெய்துகொள்ளும். பிறகு மீண்டும் சோதியுங்கள்.

எண்கள் ஒத்தபின், முக்காலியைக் கோணம் மாறாமல் சுவரையொட்டி நான்கடி நகர்த்துங்கள். எண் மாறினால் பிழை இடத்தினுடையது. இரும்பு அலமாரியோ, தூணுக்குள் இருக்கும் கம்பியோ முள்ளை இழுக்கிறது. எத்தனை முறை சுழற்றினாலும் இது தீராது. அவற்றை விட்டு விலகிக் கூடத்தின் நடுவில் பார்ப்பதே வழி.

சூரியனையும் சாட்சியாகக் கொள்ளலாம். ஆனால் மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டியே அவன் நேர்கிழக்கில் உதிக்கிறான். மார்கழியில், சென்னையில், ஏறத்தாழ 24 பாகை தெற்கே விலகி எழுவான். அந்நாளில் கருவியும் கதிரவனும் வேறுபட்டால், கருவியைக் குறை கூற வேண்டாம்.