இரவுப் படத்தில் தோல் தோலாகவே இருக்க

ஃபிலிம் காலத்தில் இரவுக் கூத்தைப் படமெடுக்கப் போகிறவர் கேமராவில் கோடக் டிரை-எக்ஸ் போட்டுக்கொள்வார். 400 வேக ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் விடுவார். 1988-ல் டி-மேக்ஸ் பி3200 வந்தபின் இன்னும் இருட்டான இடங்களிலும் எடுக்க முடிந்தது. கிரெயின் பெரிது பெரிதாக விழும். அதை நீக்க வழியில்லை. வெள்ளித் துகள்கள்தான் படமே. ஆனால் அது முகத்திலும் வேட்டியிலும் பின்னணி இருட்டிலும் ஒரே மாதிரி பரவியிருந்ததால், கன்னம் மட்டும் தனியாக மழுங்கித் தெரியவில்லை.

டிஜிட்டலில் கோளாறு இரண்டு வகை. சென்சாரில் விழும் ஒளி துளித்துளியாக வருகிறது. 10,000 துளி விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 துளி மட்டும் விழும் நிழல் கன்னத்தில் அது 10 சதவீதம். இதுதான் பொடிப்பொடியாகத் தெரியும் வெளிச்ச நாய்ஸ். இன்னொன்று நிற நாய்ஸ். ஒவ்வொரு பிக்ஸலும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் மென்பொருள் பக்கத்துப் பிக்ஸல்களைப் பார்த்து ஊகிக்கிறது. ஒன்றில் விழுந்த பிழை பக்கத்துக்கும் பரவி, பச்சையும் கருஞ்சிவப்புமாகத் திட்டுத் திட்டாகப் படிகிறது. குண்டு பல்பு வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. வெள்ளைச் சமன் அந்த நீலத்தைப் பெருக்கும்போது அதன் நாய்ஸும் சேர்ந்தே பெருகும்.

தொடக்க கால டிஜிட்டலில் பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகவே அழித்தார்கள். மெழுகு முகம் அங்கே பிறந்தது. தோலின் துளைகளும் மெல்லிய ரோமமும் தரும் வெளிச்ச வேறுபாடு கிட்டத்தட்ட நாய்ஸின் அளவுதான். ஃபில்டருக்கு எது எது என்று தெரியாது. கண்ணிமை போன்ற அழுத்தமான கோட்டை மட்டும் அது விட்டுவைக்கும். இமை முடி கூர்மையாக இருந்து, அதற்கு ஒரு விரல் கீழே கன்னம் வழவழவென்று இருந்தால், அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். கேமராவே செய்து தரும் ஜேபெக்கில் இன்றும் இது நடக்கிறது. ஆகவே இரவில் ரா கோப்பாக எடுப்பதே நல்லது.

விவரம் தெரிந்தவர்கள் அன்றே ஃபோட்டோஷாப்பின் லேப் முறைக்குப் போய், நிறம் இருக்கும் இரண்டு சேனல்களை மட்டும் மங்கலாக்கி, வெளிச்சச் சேனலைத் தொடாமல் விட்டார்கள். நிறத்தில் நுணுக்கம் குறைந்தால் நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால் அது பலித்தது. இன்று லைட்ரூமில் அதே பிரிவினை இரண்டு ஸ்லைடர்களாக இருக்கிறது.

கூத்துப் பார்க்க உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் முகம், ஐஎஸ்ஓ 6400, ஒரு பக்கம் பல்பு வெளிச்சம், மறுபக்கம் நிழல். முதலில் வெள்ளைச் சமனையும் வெளிச்சத்தையும் சரிசெய்ய வேண்டும்; அவை மாறினால் நாய்ஸும் மாறும். பிறகு 100 சதவீதப் பார்வையில், 25-ல் இருக்கும் Color ஸ்லைடரைத் திட்டுகள் மறையும்வரை, 40 அளவுக்கு, தயங்காமல் ஏற்றலாம். குங்குமத்தின் சிவப்பு நெற்றித் தோலில் கசிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கசிந்தால் கொஞ்சம் இறக்க வேண்டும். Luminance விஷயத்தில் கை இறுக வேண்டும். பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றி, மூக்கோரத் துளைகள் கரையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். இந்தப் படத்தில் அது 20 பக்கம் வரும். பின்னணி இருட்டுக்கு இன்னும் வேண்டுமென்றால் அதற்கென்று தனி மாஸ்க் போடலாம். கூர்மையாக்கும்போது Alt விசையை அழுத்தியபடி Masking-ஐ ஏற்றி, கன்னம் கறுப்பாகத் தெரியும்படி வைத்தால் அங்கே கூர்மை ஏறாது. அடக்கிய நாய்ஸ் மறுபடி எழும்பாது.

மிச்சமிருக்கும் பொடிக்குப் பயப்படத் தேவையில்லை. 6000 பிக்ஸல் அகலப் படத்தை 12 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 500 பிக்ஸல். திரையில் உறுத்தியதில் பெரும்பகுதி தாளில் தெரியாது.

2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த, செயற்கை நுண்ணறிவால் இயங்கும் Denoise வசதி ரா கோப்பையே படித்து நாய்ஸை நீக்குகிறது. பழைய ஸ்லைடர்களைவிட மிக நன்றாகவே செய்கிறது. ஆனால் ஆழ்ந்த நிழலில் தகவல் இல்லாத இடத்தை அது ஊகித்து நிரப்பும். இல்லாத சுருக்கமோ முடியோ வரலாம், இருந்தது போகலாம். பாட்டியின் முகச் சுருக்கம் அவருடையதாகவே இருக்க வேண்டும். அதனால் நான் அளவை 30 பக்கம் வைத்து, மேலே Grain 10 அல்லது 15 சேர்ப்பேன். முகமும் பின்னணியும் மறுபடி ஒரே பொடியில் இணையும்.

எந்தக் கருவியும் கேமராவில் விழாத ஒளியைத் தராது. ஆடுகிறவருக்கு 1/250 நொடி வேண்டியிருக்கலாம். அசையாமல் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு 1/60 போதும். ஒளி நான்கு மடங்கு கிடைக்கும், நாய்ஸின் விகிதம் பாதியாகும்.