வேகத்துக்குக் குறைவில்லை, நண்பன்தான் உள்ளே வரமுடியவில்லை

ஃபைபர் இணைப்பு நன்றாகவே ஓடுகிறது. பெரிய கேம் ஒன்று இரவோடு இரவாக இறங்கிவிட்டது, படமும் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் எக்ஸ்பாக்ஸில் நண்பர்களோடு சேர்ந்து ஆடப் போனால் ஒருவன் குரல் கேட்கிறது, இன்னொருவன் குரல் கேட்கவில்லை, மூன்றாமவனுடன் இணையவே முடியவில்லை. நெட்வொர்க் அமைப்புக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தால் NAT Type என்ற இடத்தில் Strict என்று வருகிறது. பிளேஸ்டேஷனில் இதே நிலைக்கு Type 3 என்று பெயர்.

இதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் பத்துக் கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் ஒரே முகவரிதான். உள்ளேயிருந்து யார் எங்கே தகவல் கேட்டார்கள் என்பதை ரவுட்டர் குறித்துக்கொண்டு, வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கிறது. கேம் இறக்குவது நாம் கேட்டு வாங்குவது என்பதால் அதில் சிக்கலே வராது. நண்பனின் கன்சோல் நேரடியாக நம் கன்சோலைத் தேடி வரும்போது கதை வேறு. ரவுட்டரின் குறிப்பில் அவன் இல்லை. அதனால் அந்தத் தகவலை ஓசையின்றித் தூக்கிப் போட்டுவிடுகிறது. Strict நிலையில் இருப்பவர் பெரும்பாலும் Open நிலையில் இருப்பவரோடு மட்டுமே சேர முடியும். ஒருவன் குரல் கேட்டு மற்றவன் குரல் கேட்காததற்கு அதுதான் காரணம்.

இந்த முட்டுக்கட்டையை நீக்கத்தான் UPnP இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் ரவுட்டரிடம், "3074 என்ற யுடிபி போர்ட்டுக்கு வருவதையெல்லாம் எனக்கு அனுப்பு" என்று தானே கேட்கும், ரவுட்டரும் வழிவிடும். ரவுட்டரின் பக்கத்தில் UPnP ‘ஆன்’ என்று இருப்பதைப் பார்த்தவுடன் திருப்திப்பட்டுவிடக் கூடாது. அதன் கீழே ஒரு பட்டியல் இருக்கும். கன்சோலின் முகவரியோடு ஒரு வரி அதில் வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. பட்டியல் காலியாக இருந்தால் UPnP-ஐ அணைத்து, சேமித்து, மறுபடி போட்டு, ரவுட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள். அது முழுதாக எழுந்த பிறகு கன்சோலின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து முற்றிலுமாக அணைத்து, மீண்டும் போடுங்கள். உறக்க நிலைக்கு அனுப்பினால் பழைய கதையே தொடரலாம்.

சில ரவுட்டர்களில் NAT Filtering என்று தனியாக ஓர் அமைப்பு உண்டு. அது Secured என்று இருந்தால், நாம் ஏற்கெனவே தொடர்புகொண்டவரின் தகவலை மட்டுமே உள்ளே விடும். Open என்று மாற்றினால், கன்சோல் பயன்படுத்தும் போர்ட்டுக்குப் புதியவர்களும் வரலாம். பாதுகாப்பு கொஞ்சம் தளரும்தான். ஆனாலும் கன்சோலை DMZ-இல் போட்டு எல்லாப் போர்ட்டையும் திறந்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பட்டியலில் 3074 இருக்கிறது, ஆனாலும் Strict போகவில்லை என்றால்? நம் ஊர் வீடுகளில் அடிக்கடி நடப்பது இதுதான். இணைய நிறுவனம் சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். சிக்னல் போதவில்லை என்று நாம் வாங்கிய வைஃபை ரவுட்டர் இரண்டாவது. நம் ரவுட்டரில் WAN IP என்ற இடத்தைப் பாருங்கள். 192.168.1.5 என்பதுபோல இருந்தால் அது வெளியுலக முகவரியே அல்ல, முன்னாலிருக்கும் பெட்டி கொடுத்த உள்முகவரி. எக்ஸ்பாக்ஸ் கேட்டதும் உள்கதவு திறந்தது, வாசல் கதவு பூட்டியே கிடக்கிறது. சுலபமான வழி, நம் ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலைக்கு மாற்றுவது. அப்போது அது வைஃபை மட்டும் தரும், ரவுட்டர் வேலையை ஃபைபர் பெட்டியே பார்க்கும். UPnP-ஐயும் அங்கேயே போட வேண்டும். மாற்றியபின் கன்சோலில் மறுபடி சோதியுங்கள்.

அப்போதும் மாறாவிட்டால் ஃபைபர் பெட்டியின் WAN IP-ஐப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நிறுவனம் ஒரே வெளிமுகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். அந்தக் கதவு நிறுவனத்தின் இடத்தில் இருக்கிறது. வீட்டில் எந்த அமைப்பை மாற்றினாலும் அது திறக்காது. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசும்போது "கேம் வேலை செய்யவில்லை" என்றால் வேகத்தைச் சோதிக்கச் சொல்வார்கள், இல்லையேல் கூடுதல் வேகத் திட்டத்தை விற்கப் பார்ப்பார்கள். "எனக்குப் பப்ளிக் ஐபி வேண்டும், என்ன கட்டணம்?" என்று நேராகக் கேளுங்கள்.