மூச்சைக் காக்கும் புரதம், ஈரலிலேயே சிக்கினால்

சுவீடனின் மால்மோ நகர மருத்துவமனை ஆய்வகத்தில் கார்ல் பெர்டில் லாரெல் என்ற மருத்துவர் ரத்தப் புரதங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ரத்த நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அதிலுள்ள புரதங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து தாளில் படியும். அப்படிப் படிந்த சுமார் 1500 தாள்களில் ஐந்தில் மட்டும் 'ஆல்ஃபா-1' என்ற பட்டை காணப்படவில்லை. அந்த ஐந்து பேர் யார் என்று லாரெலும் இளம் மருத்துவர் ஸ்டென் எரிக்சனும் தேடிப் பார்த்தார்கள். மூவருக்கு இளம் வயதிலேயே எம்பிசீமா என்ற நுரையீரல் நோய் வந்திருந்தது. 1963இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். காணாமல்போன அந்தப் புரதத்தின் பெயர் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின்.

எம்பிசீமாவில் நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். நாம் இழுக்கும் காற்று கடைசியாகச் சென்று சேர்வது கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளில். அவற்றின் மெல்லிய சுவர்களில் எலாஸ்டின் என்ற மீள்திறன் கொண்ட இழை ஓடுகிறது. உள்மூச்சில் விரிந்த நுரையீரல் வெளிமூச்சில் தானாகவே சுருங்குவது இந்த இழைகளால்தான். எம்பிசீமாவில் இழைகள் அறுந்து, சுவர்கள் அழிந்து, பல சிறு அறைகள் சில பெரிய அறைகளாகிவிடும். ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கும் பரப்பு குறைகிறது. இழுத்த காற்றும் முழுமையாக வெளியேறாமல் உள்ளேயே தேங்குகிறது.

இழைகளை அறுப்பது நம் உடம்பே சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதிதான். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கிருமிகளோடு போராட இதை வைத்திருக்கின்றன. சண்டை நடக்கும்போது கொஞ்சம் வெளியே சிந்தும். சிந்தியதை உடனே அடக்காவிட்டால் அது எலாஸ்டினையும் அரித்துவிடும். அடக்கும் வேலை ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சினுடையது. இது ஒரு நொதி அல்ல, நொதியைக் கட்டுப்படுத்தும் புரதம். எனவே இந்தக் குறைபாட்டில் பற்றாக்குறையாவது கட்டுப்படுத்தும் பொருள், அழிப்பது கட்டுப்பாடற்ற நொதி.

இந்தப் புரதம் வேலை செய்யும் விதத்தை ஆராய்ச்சியாளர்கள் எலிப்பொறிக்கு ஒப்பிடுவார்கள். அதன் ஒரு முனையில் ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருக்கிறது. எலாஸ்டேஸ் அதைக் கடித்ததும் வளையம் விசையோடு புரதத்தின் உடலுக்குள் மடிகிறது. அந்த வேகத்தில் எலாஸ்டேஸ் எதிர் முனைக்கு வீசப்பட்டு நசுங்கிப்போகிறது. பொறியும் அத்தோடு தீர்ந்துவிடும். ஒரு எலாஸ்டேஸுக்கு ஒரு பொறி என்பதால் புதிய புரதம் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஈரல்தான் இதைப் பெருமளவில் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது.

குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கோளாறு 14ஆம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவின் ஒரே ஓர் எழுத்தில் இருக்கிறது. 394 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தில் 342ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் வந்துவிடுகிறது. இதை 'இசட்' வகை என்பார்கள். இயல்பானது 'எம்' வகை. இசட் வகைப் புரதத்தையும் ஈரல் தயாரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் மடிப்பு தளர்ந்திருப்பதால், ஒன்றின் வளையம் அடுத்ததன் உடலுக்குள் நுழைந்துகொள்கிறது. அதன் வளையம் மூன்றாவதில் நுழையும். இப்படிச் சங்கிலி நீண்டு ஈரல் செல்லுக்குள்ளேயே கட்டியாகத் தேங்குவதை 1992இல் டேவிட் லோமாசும் கேம்பிரிட்ஜ் சகாக்களும் விளக்கினார்கள். எலாஸ்டேஸைப் பிடிக்க வேண்டிய அதே அசைவு, இங்கே தன் இனத்தையே பிடித்துக்கொள்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இசட் மரபணுவைப் பெற்றவரின் ரத்தத்தில் இயல்பான அளவில் ஏறத்தாழ 15 சதவீதமே கிடைக்கிறது. ஈரலில் தேக்கம், நுரையீரலில் பஞ்சம் என்று ஒரே பிழை இரண்டு உறுப்புகளைத் தாக்குகிறது. அதனால்தான் இவர்களில் சிலருக்குப் பச்சிளம் பருவத்தில் மஞ்சள் காமாலையும், சிலருக்குப் பிற்காலத்தில் ஈரல் சுருக்கமும் வருகின்றன.

இந்த நிலையில் சிகரெட் புகை இரண்டு வழியில் கேடு செய்கிறது. புகை வெள்ளணுக்களை நுரையீரலுக்கு வரவழைப்பதால் எலாஸ்டேஸ் பெருகுகிறது. இன்னொரு பக்கம், பொறியின் வளையத்தில் எலாஸ்டேஸ் கடிக்க வேண்டிய இடத்திலுள்ள மெத்தியோனினைப் புகை ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. அதன் பிறகு பொறி ஏறக்குறைய செயலிழந்துபோகிறது. சாதாரணப் புகையாளருக்கு அறுபதை ஒட்டி வரும் எம்பிசீமா, இவர்களுக்கு முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வருவது இதனால்தான். புகையே தொடாத இசட் வகையினர் பலர் முழு ஆயுள் வாழ்கிறார்கள்.

நோய் எப்படிக் கண்ணில் படாமல் தப்புகிறது என்பதற்கு ஒரு மாதிரியைப் பார்ப்போம். நாற்பது வயதுக்காரர் ஒருவர். பத்து வருடம் புகைத்தவர். மாடி ஏறினால் இளைப்பு, இரவில் வீசிங். ஆஸ்துமா என்று இன்ஹேலர் தருகிறார்கள், பெரிய மாற்றம் இல்லை. ஸ்பைரோமெட்ரி சோதனையில் அவர் மொத்தமாக 4 லிட்டர் ஊதுகிறார், ஆனால் முதல் வினாடியில் வெளியேறுவது 1.6 லிட்டர். அதாவது 40 சதவீதம். 70 சதவீதத்துக்குக் கீழே போனாலே மூச்சுக்குழலில் அடைப்பு என்று பொருள். மருந்து உள்ளிழுத்த பிறகும் எண் அசையவில்லை. சி.டி. ஸ்கேனில் சேதம் நுரையீரலின் அடிப்பகுதியில் அதிகமாகத் தெரிகிறது. புகையால் மட்டும் வரும் எம்பிசீமா பெரும்பாலும் மேல்பகுதியில்தான் தொடங்கும். இந்த வயதும் இந்த இடமும் சேர்ந்தால் ரத்தத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் அளவைப் பார்த்தே ஆக வேண்டும். இயல்பாக டெசிலிட்டருக்குச் சுமார் 90 முதல் 200 மில்லிகிராம் இருக்கும். இவருக்கு 25 என்று வருகிறது. அடுத்து மரபணு வகையைப் பார்க்க, இரண்டும் இசட்.

இந்தச் சோதனையில் ஒரு கண்ணி உண்டு. காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஈரல் இந்தப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும். அப்போது லேசான குறைபாடு உள்ளவரின் அளவு இயல்பாகத் தோன்றிவிடலாம். அதனால் உடம்பு நலமாக இருக்கும்போது சோதிப்பதும், அளவோடு மரபணு வகையையும் பார்ப்பதும் நல்லது. இசட் வகை வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம், இந்தியாவில் அரிது. ஆனாலும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு முறையாவது இந்தச் சோதனை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

சிகிச்சை உண்டு, எல்லையும் உண்டு. தானமளிக்கப்பட்ட ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை, உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வீதம் வாரம் ஒரு முறை நரம்பில் ஏற்றுகிறார்கள். அமெரிக்கா இதை 1987இல் அனுமதித்தது. நுரையீரல் திசு கரையும் வேகம் இதனால் குறைவதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு சி.டி. ஸ்கேன் மூலம் காட்டியது. அழிந்த அறைச் சுவர் மட்டும் திரும்ப வளர்வதில்லை. ஈரலில் தேங்கிய கட்டிக்கும் இந்த ஊசியால் பயனில்லை.

ஆகவே சேதத்துக்கு முன்பே அறிவதுதான் பெரிய லாபம். சுவீடன் இதைச் செய்து பார்த்தது. 1972 முதல் 1974 வரை பிறந்த 2 லட்சம் குழந்தைகளைச் சோதித்து, இசட் வகையினரான நூற்றிருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கண்டறிந்து தொடர்ந்து கவனித்தார்கள். செய்தி கேட்ட பெற்றோர் பலர் கடும் மனக்கலக்கத்துக்கு ஆளானதால் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்ந்தபோது அவர்களில் புகைத்தவர்கள் குறைவு. முப்பதைத் தாண்டியும் பெரும்பாலோரின் நுரையீரல் திறன் இயல்பாகவே இருந்தது.

நம் மாதிரி நோயாளியின் பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு எம், ஒரு இசட் மரபணு உள்ளவர்கள் என்றால், அவருடன் பிறந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு இசட் கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரே ஒரு இசட் கிடைக்க நான்கில் இரண்டு. ஒன்று மட்டும் உள்ளவருக்கு, அவர் புகைக்காதவரை, நுரையீரலுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஒருவருக்கு இந்தக் குறைபாடு உறுதியானதும் அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை அனைவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். அவர்களில் இன்னும் மூச்சு வாங்காத ஒருவருக்கு இரண்டு இசட் இருந்தால், சிகரெட்டை இன்றே விடுவது எந்த ஊசியை விடவும் அதிகமாக நுரையீரலைக் காக்கும்.