தவறிய தேர்வுக்கு மறுதேதி கேட்கும் கடிதம்

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பாஸ்டாக் பயிற்சியில் பெறும் மேற்பார்வையாளர் சான்றிதழ் 2 ஆண்டுகள் செல்லும். அதன்பின் மீண்டும் பயிற்சி பெற்று, தேர்வில் தேற வேண்டும். உணவைக் கையாளும் ஒவ்வொரு 25 பேருக்கும் இத்தகைய மேற்பார்வையாளர் ஒருவர் தேவை.

ஒரு தொழிற்சாலை கேன்டீனில் 40 பணியாளர்களும் 2 மேற்பார்வையாளர்களும் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் ஒருவரான மேலாளரின் சான்றிதழ் மார்ச் 31இல் முடிகிறது. மார்ச் 24இல் நடந்த தேர்வுக்கு, மருத்துவமனையில் இருந்ததால் அவர் போகவில்லை. ஏப்ரலில் அவர் எழுதும் கடிதம் பயிற்சி நடத்தும் நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

கடிதத்தின் முதல் வரியிலேயே கோரிக்கை வரட்டும்: “மார்ச் 24 தேர்வுக்கு வர இயலவில்லை, அடுத்த அணியில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.” பிறகு சான்றிதழ் எண், பதிவு செய்த கைபேசி எண், கட்டண ரசீது, மருத்துவமனைச் சான்று, வரக்கூடிய இரண்டு மூன்று தேதிகள். நோயின் முழு வரலாறு தேவையில்லை.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தேர்வைத் தள்ளிவைப்பது வேறு, காலாவதியான சான்றிதழை நீட்டிப்பது வேறு. மறுதேதி கிடைத்தாலும் இடைப்பட்ட நாட்களில் அந்தக் கேன்டீனுக்கு ஒரு மேற்பார்வையாளர் குறைவுதான். அதை மறைக்காமல், பயிற்சி பெற்ற வேறொருவரை அதுவரை நியமித்து, அவருடைய சான்றிதழ் எண்ணையும் கடிதத்தில் சேர்ப்பதே நேர்மையான வழி. ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் காட்ட, கடிதத்தின் நகலும் பதிலும் கேன்டீன் கோப்பில் இருக்க வேண்டும்.