மிச்சமான ஐம்பதாயிரம் எங்கே?

1,200 மீட்டர் குடிநீர்க் குழாய் பதிக்க வேண்டும். கெடு 12 வாரம், மதிப்பீடு 24 லட்சம் ரூபாய். வாரத்துக்கு 100 மீட்டர், அதற்கு 2 லட்சம் என்பது திட்டம். ஆறாவது வாரக் கடைசியில் பார்த்தால் 500 மீட்டர் முடிந்திருக்கிறது, செலவு 11.5 லட்சம். திட்டப்படி இந்நேரம் 12 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். அப்படியானால் ஐம்பதாயிரம் மிச்சமா?

பிஎம்பி போன்ற திட்ட மேலாண்மைத் தேர்வுகளில் பலர் வழுக்கி விழும் இடம் இது. 12 லட்சம் என்பது 600 மீட்டருக்கான தொகை. 11.5 லட்சத்தில் முடிந்ததோ 500 மீட்டர். இரண்டையும் நேராகக் கழித்தால் தாமதமும் கூடுதல் செலவும் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும்.

நடுவில் ஒரு தொகை தேவை: முடிந்த வேலைக்குத் திட்டம் ஒதுக்கிய பணம். 500 மீட்டருக்கு அது 10 லட்சம். இதுதான் ஏர்ன்டு வேல்யூ, EV. திட்டமிட்ட 12 லட்சம் PV, கையைவிட்டுப் போன 11.5 லட்சம் AC.

```
SV = EV − PV = 10 − 12 = −2 லட்சம்
CV = EV − AC = 10 − 11.5 = −1.5 லட்சம்
```

இரண்டிலும் EV முன்னால் நிற்கிறது, அதிலிருந்துதான் மற்றது கழிகிறது. விடை மைனஸ் என்றால் நிலைமை மோசம். ஐம்பதாயிரம் மிச்சம் என்று நினைத்த வேலை உண்மையில் பின்தங்கியும் இருக்கிறது, ஒன்றரை லட்சம் அதிகமாகவும் தின்றிருக்கிறது.

கேள்வியில் மீட்டர் கணக்கு இல்லாமல், "பாதி முடிந்திருக்க வேண்டும், 40 சதவீதம் முடிந்தது" என்றும் வரலாம். அப்போது EV என்பது மொத்த மதிப்பீட்டில் 40 சதவீதம். சிலர் செலவான தொகையில் 40 சதவீதம் எடுப்பார்கள். அது தவறு. எவ்வளவு செலவானது என்பதற்கு EV கணக்கில் இடமே கிடையாது.

SV-யின் மைனஸ் 2 லட்சம் பண அளவு, நாள் அளவு அல்ல. இங்கே வாரத்துக்கு 2 லட்சம் என்று சீராக இருப்பதால் ஒரு வாரத் தாமதம் என்று சொல்ல முடிகிறது. எல்லாத் திட்டமும் இப்படி அமையாது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இந்த வேலை இழுத்தடித்து 14-ஆவது வாரத்தில், 27 லட்சத்தில் முடிகிறது என்று வையுங்கள். PV 12-ஆவது வாரத்திலேயே 24 லட்சத்தைத் தொட்டு நின்றுவிடும். 1,200 மீட்டரும் முடிந்ததால் EV-யும் 24 லட்சம். CV மைனஸ் 3 லட்சம் என்று உண்மையைச் சொல்கிறது. ஆனால் இரண்டு வாரம் தாமதமான வேலைக்கு SV என்ன என்று கேட்டால், சரியான விடை பூஜ்யம்.