மார்ச் 31-ல் விற்காத பட்டாசு

சிவகாசியில் பட்டாசு உற்பத்தி ஏறத்தாழ ஆண்டு முழுவதும் நடக்கும். விற்பனையோ தீபாவளியை ஒட்டித்தான் குவியும். நடுவில் மார்ச் 31 அன்று கணக்கை முடித்தாக வேண்டும். அன்றைக்குக் குடோன் நிறைய சரக்கு, கையிலோ காசில்லை. அப்படியானால் அந்த ஆண்டு நஷ்டமா?

ஒரு சிறிய ஆலையை வைத்துக் கணக்குப் போடுவோம். ஜனவரி முதல் மார்ச் வரை 10,000 பெட்டி செய்தார்கள். மருந்து, காகிதம், கூலி, ஆலைச் செலவு எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு 600 ரூபாய். மொத்தம் 60 லட்சம். மார்ச்சுக்குள் 2,000 பெட்டி, தலா 800 ரூபாய்க்கு விற்று 16 லட்சம் வந்தது.

பணம் போனதையும் வந்ததையும் மட்டும் எழுதினால் இந்த ஆண்டு 44 லட்சம் நஷ்டம். அடுத்த ஆண்டு மீதி 8,000 பெட்டி விற்கும்போது, செய்த செலவு பழைய ஏட்டிலேயே முடிந்துவிட்டதால், 64 லட்சமும் லாபமாகத் தெரியும். இரண்டுமே பொய். முதல் ஏட்டைப் பார்க்கும் வங்கி கடன் தராது. இரண்டாவதைப் பார்க்கும் பங்காளி, ஆலையில் பணம் கொட்டுவதாக நினைப்பார்.

அதனால்தான், எந்த வரவைச் சம்பாதிக்க எந்தச் செலவு உதவியதோ அந்த இரண்டையும் ஒரே ஆண்டில் எழுதுகிறார்கள். விற்ற 2,000 பெட்டியின் அடக்கம் 12 லட்சம் மட்டுமே இந்த ஆண்டின் செலவு. லாபம் 4 லட்சம். மீதி 48 லட்சம் இறுதிச் சரக்கிருப்பாக ஐந்தொகையில் சொத்துப் பக்கம் காத்திருந்து, அடுத்த ஆண்டு விற்பனையோடு செலவாக இறங்கும். அப்போது லாபம் 16 லட்சம். இரண்டு ஆண்டின் மொத்த லாபம் எப்படி எழுதினாலும் 20 லட்சம்தான். அது எந்த ஆண்டில் உண்டானது என்பதுதான் மாறுகிறது.

எதிர்த்திசையிலும் இதே விதிதான். மார்ச்சில் விற்ற பெட்டிகளுக்கான ஏஜென்ட் கமிஷனை ஏப்ரலில் கொடுத்தாலும் அது மார்ச் கணக்கில்தான் சேரும். ஆனால் விளம்பரம், அலுவலகச் சம்பளம் போன்றவற்றை எந்தப் பெட்டியோடும் கட்டிவிட முடியாது. அவற்றை அந்தந்த ஆண்டிலேயே எழுதித் தீர்ப்பார்கள்.

விஷமம் நுழைவது சொத்துப் பக்கத்தில்தான். அமெரிக்காவின் வேர்ல்ட்காம் தொலைபேசி நிறுவனம், பிற நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணத்தைச் செலவாக எழுதாமல் சொத்தாகக் காட்டியது. 380 கோடி டாலருக்கு மேல் இப்படி மறைந்திருந்தது 2002 ஜூனில் வெளிவந்தது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் திவாலானது.

நம் ஆலையிலும் இதைச் செய்யலாம். ஈரத்தில் நமுத்துப்போன பெட்டியையும் 600 ரூபாய்ச் சரக்காகவே காட்டினால், லாபம் ஊதித் தெரியும். அடக்கவிலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். எனவே ஆண்டறிக்கை கைக்கு வந்தால் லாபத்தோடு நிறுத்திவிடாதீர்கள். விற்பனை நின்ற இடத்தில் நிற்க, சரக்கிருப்பு மட்டும் ஆண்டுக்காண்டு ஏறினால், அந்தக் குடோனில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.